முத்திரையும் கையெழுத்தும் கலந்த பழைய பத்திரத்தை மொழிபெயர்க்கும் முன் சுத்தம் செய்வது எப்படி

எங்கள் ஐயா 1951ல் காலமானார். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பிய கிரயப் பத்திரத்தின்படி அவர் 1984ல் ஒரு மனை வாங்கியிருந்தார்.

பினாங்கில் இருக்கும் பெரியப்பா மகன், அண்ணன், போன் பண்ணித்தான் இதைச் சொன்னார். அவருடைய வக்கீல் கண்டுபிடித்தாராம். திரும்பிப் பார்த்தால் பத்திரத்தில் 1934 என்றுதான் இருக்கிறது, ஸ்கேனை எழுத்தாக மாற்றிய மென்பொருள் 3ஐ 8 என்று படித்துவிட்டது, நான் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டேன், மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அதே பக்கத்தில் கிரயத் தொகையும் தப்பு. 1,350 ரூபாய் 1,850 ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை, உள்ளே போன சரக்குதான் கெட்டுப்போனது.

அப்புறம் இரண்டாம் முறை அந்த வேலையை முதலிலிருந்து செய்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பெட்டி நிறையப் பழைய பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள் அதிகம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதும் அதிகம், ஆகவே இந்த வேலை யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கும். நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

## 1. முதலில் எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேருங்கள்

பழைய கிரயப் பத்திரம் என்றால் ஒரே தாள் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் இருந்தவை இவை: 1934ஆம் வருஷத்து மூலப் பத்திரம், முத்திரைத்தாளில் முழுக்கக் கையால் எழுதியது. அதன் பின்பக்கம் பதிவு அலுவலக மேற்குறிப்பு, அச்சடித்த ஆங்கில வாசகங்களுக்கு நடுவே கையால் நிரப்பியது. அப்புறம், பிற்காலத்தில் யாரோ எதற்கோ எடுத்து வைத்திருந்த சான்றிட்ட நகல், தமிழ் டைப்ரைட்டரில் அடித்தது, மேலே ஊதா மையில் வட்ட முத்திரை.

முதல் தடவை நான் டைப் அடித்த நகலை மட்டும் எடுத்துக்கொண்டேன், படிக்கச் சுலபமாக இருந்ததால். அதுதான் முதல் தப்பு. நகல் எடுத்தவரும் மனிதர்தான், மூலத்தைப் பார்த்து அடிக்கும்போது அவருக்கும் கை தவறும். இரண்டும் இருந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம், இந்த வேலையில் அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

மூலம் செல்லரித்து ஒன்றும் தெரியவில்லை என்றால் கணினியில் மணிக்கணக்காகப் போராடாதீர்கள். பத்திர எண், வருஷம், பதிவு அலுவலகம் மூன்றும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு, அவர்கள் புத்தகத்தில் இருப்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நாள் எடுக்கும், ஆனால் நீங்கள் ஊகித்து நிரப்பும் வார்த்தையைவிட அந்த நகலுக்கு மதிப்பு அதிகம். ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இந்தக் கால அவகாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

## 2. ஸ்கேன் எடுக்கும் கடையில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்

ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் கறுப்பு வெள்ளையில், 200 டிபிஐயில், எல்லாவற்றையும் நசுக்கி ஒரு பிடிஎஃப் தருவார்கள். எனக்கு அப்படித்தான் தந்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் ஊதா முத்திரையும் கறுப்பு, அதன் அடியில் இருக்கும் எழுத்தும் கறுப்பு, பிறகு எந்த வித்தையாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. நிறம் இருந்தால்தான் அடுத்து நான் சொல்லப்போகும் எதுவும் நடக்கும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கலர், 400 டிபிஐ, முடிந்தால் பிஎன்ஜி அல்லது டிஃப். "பளிச்சுனு ஆக்கித் தரட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மெல்லிய புள்ளியும் தேய்ந்த மையும் அந்தப் பளிச்சில்தான் காணாமல் போகின்றன. நான் இரண்டாம் தடவை பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன், பன்னிரண்டு பக்கம், நூற்றிருபது ரூபாய். முதல் தடவை மிச்சம் பிடித்தது எழுபத்திரண்டு ரூபாய், அதற்காக ஒரு வாரம் வீண்.

முத்திரைத்தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊடுருவித் தெரியும். தாளின் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை வைத்து ஸ்கேன் எடுத்தால் அந்த நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பூச்சி அரித்த தாளுக்கு இதைச் செய்யாதீர்கள். ஓட்டை ஒவ்வொன்றும் கரும்புள்ளியாக விழுந்து, மென்பொருள் அதை எழுத்தென்று படிக்கும். அதற்குத் தாளின் நிறத்திலேயே ஒரு பழுப்புத் தாளைப் பின்னால் வையுங்கள்.

யாராவது உங்களுக்கு ஏற்கெனவே எடுத்த பிடிஎஃப் அனுப்பியிருந்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்க Poppler என்ற இலவச மென்பொருளில் ஒரு கட்டளை இருக்கிறது:

```
pdfimages -list pathiram.pdf
```

வரும் பட்டியலில் `x-ppi` என்ற இடத்தில் 300க்குக் கீழே இருந்தால் திருப்பிக் கேளுங்கள். `color` என்ற இடத்தில் `gray` இருந்தால் நிறம் போய்விட்டது. `enc` என்ற இடத்தில் `jbig2` என்று இருந்தால் இன்னும் கவனம். அந்த வகைச் சுருக்கத்தில் ஒரு முறை, ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளை ஒரே அச்சாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் ஒட்டிவிடும். 2013ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளர், நகல் இயந்திரம் ஒன்று இப்படித்தான் 6 இருந்த இடத்தில் 8ஐப் போட்டதைக் காட்டினார். மங்கல் கிங்கல் எதுவும் இல்லாமல், தெளிவான தப்பு எண். அப்படிப்பட்ட ஸ்கேனை என்ன சுத்தம் செய்தாலும் பலன் இல்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த பக்கத்தை ஏற்காதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

## 3. பக்கத்தைத் துண்டு போடுங்கள்

நிறைய பேர் செய்யும் தப்பு, ஒரு பக்கத்தை அப்படியே மென்பொருளுக்குத் தின்னக் கொடுப்பது. ஒரு பக்கத்தில் நாலு விதமான பொருள் இருக்கிறது. டைப் அடித்தது அல்லது அச்சடித்தது ஒன்று. கையால் எழுதியது ஒன்று. முத்திரை ஒன்று. கையொப்பம், ரேகை, ஓரக்குறிப்பு போன்றவை மற்றொன்று. இந்த நாலில் முதலாவதை மட்டும்தான் இயந்திரம் ஓரளவு ஒழுங்காகப் படிக்கும்.

ஸ்கேனை ஒரு தாளில் அச்செடுத்து, பேனாவால் கட்டம் போட்டு எண் கொடுங்கள். என்னுடைய நகலின் முதல் பக்கத்தில் ஏழு கட்டம் வந்தது. கட்டம் 1 டைப் அடித்த உடல் பகுதி. கட்டம் 4 வட்ட முத்திரை, அது கட்டம் 1ன் கடைசி இரண்டு வரிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கட்டம் 6 ஓரத்தில் கையால் எழுதிய திருத்தம். இப்படி. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே என்ன மொழி, யார் படிக்கப்போவது, இயந்திரமா நானா, என்று எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். கடைசியில் எதுவும் விடுபடவில்லை என்று பார்ப்பதற்கும் இதே தாள்தான் உதவும்.

## 4. முத்திரையை விலக்குங்கள், அழிக்காதீர்கள்

முத்திரையின் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கத்தான் அதை விலக்குகிறோம். முத்திரையில் இருப்பதும் மொழிபெயர்க்க வேண்டிய வாசகம்தான். இதை மறந்துவிட்டு, ரப்பர் வைத்துத் துடைத்த படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், முத்திரையே இல்லாத மொழிபெயர்ப்பு போகும், அதை எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள். ஆகவே மூல ஸ்கேன் ஒரு கோப்பு, அதைத் தொடவே கூடாது. வேலை எல்லாம் நகல்மேல்.

எப்படி விலக்குவது? கலர் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு. ஊதா மையில் நீலம் அதிகம், எனவே நீல அடுக்கை மட்டும் தனியாக எடுத்தால் ஊதா வெளிறிப்போகும். கறுப்பு எழுத்து மூன்று அடுக்கிலும் கறுப்புத்தான், அது அப்படியே நிற்கும். பழைய தாள் மஞ்சளாக இருப்பது இங்கே நமக்கு நல்லது. மஞ்சள் தாள் நீல அடுக்கில் கொஞ்சம் இருண்டு தெரியும், வெளிறிய முத்திரையும் ஏறக்குறைய அதே அளவு இருளும், இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். சிவப்பு முத்திரை என்றால் சிவப்பு அடுக்கை எடுக்க வேண்டும். கீழே முதல் கட்டளை Popplerல் வருவது, பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கும். இரண்டாவது ImageMagick என்ற மென்பொருளில் வருவது, அடுக்கைப் பிரிக்கும்.

```
pdftoppm -r 400 -png pathiram.pdf page
magick page-01.png -channel B -separate -level 20%,60% page-1-b.png
```

பிடிஎஃப்பில் பத்துப் பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் `page-01.png` என்பது `page-1.png` என்று வரும். சிவப்பு முத்திரைக்கு `B` இருக்கும் இடத்தில் `R`. கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் GIMPல் `Colors > Components > Decompose` போய் RGB என்று தேர்ந்தெடுத்தால் அதே மூன்று அடுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். `20%,60%` என்பது வேதவாக்கு இல்லை. எழுத்து மெலிந்துபோனால் 60ஐ 70 ஆக்குங்கள், முத்திரை இன்னும் தெரிந்தால் 50க்கு இறக்குங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டைப் அடித்த நகலில் தேதி, பத்திர எண், பக்க எண் போன்றவற்றை நீலப் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். ஊதா முத்திரையோடு சேர்ந்து அதுவும் காணாமல் போகும். வெற்றிடம் அழகாகச் சுத்தமாகத் தெரியும், அங்கே ஏதோ இருந்தது என்ற சந்தேகமே வராது. நான் இப்படி ஒரு பத்திர எண்ணைத் தொலைத்தேன். அதனால் சுத்தம் செய்த படத்தையும் மூலப் படத்தையும் ஒரே அளவில் திறந்து, மாற்றி மாற்றிப் பாருங்கள், மறையும் ஒவ்வொன்றும் முத்திரைதானா என்று. கட்டம் போட்ட தாள் பக்கத்தில் இருந்தால் இது இரண்டு நிமிஷ வேலை.

என் 1,350க்கு வருகிறேன். 400 டிபிஐயில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, வட்ட முத்திரையின் விளிம்புக்கோடு 3ன் இடப்பக்கத் திறப்பைச் சரியாக மூடியிருந்தது. திறந்த 3, மூடினால் 8. நீல அடுக்கில் அந்தக் கோடு போனதும் 3 திரும்ப வந்துவிட்டது. 1934 என்ற எண்மேல் முத்திரை இல்லை, அங்கே டைப்ரைட்டர் ரிப்பன் மை தடித்து 3ன் வயிற்றை அடைத்திருந்தது. கறுப்பின்மேல் கறுப்பு, அதற்கு அடுக்கு பிரிப்பது உதவாது. அதைப் பிடிக்க வேறு வழி, ஏழாவது படியில் சொல்கிறேன்.

## 5. டைப் அடித்ததை மட்டும் இயந்திரத்திடம் கொடுங்கள்

நான் பயன்படுத்தியது Tesseract. இலவசம், நம் கணினியிலேயே ஓடும். கண்ட கண்ட இணையதளத்தில் சொத்துப் பத்திரத்தை ஏற்றாதீர்கள், அதில் பெயர், ஊர், எல்லை எல்லாம் இருக்கிறது.

```
tesseract page-1-b.png page-1 -l tam --psm 6
```

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணம் என்பதால் `-l tam+eng` என்று போடத்தான் கை போகும். முழுப் பக்கத்துக்கு அதைச் செய்யாதீர்கள். ஆங்கிலமும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால், அழுக்குப் புள்ளி, மடிப்புக் கோடு எல்லாம் ஆங்கில எழுத்தாக முளைக்கும். தமிழ்க் கட்டத்தை வெட்டி எடுத்து `tam`, பின்பக்க மேற்குறிப்பை வெட்டி எடுத்து `eng`. ஒரே வரியில் இரண்டும் உண்மையிலேயே கலந்திருக்கும் இடத்துக்கு மட்டும் `tam+eng`. சர்வே எண் வரும் வரி அப்படிப்பட்டது, 118/2A என்பதில் அந்த A தமிழில் ஏ என்று எழுதப்பட்டிருக்கிறதா, ஆங்கிலத்திலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வெளியே வரும் எழுத்தில் தமிழுக்கே உரிய சில தப்புகள் திரும்பத் திரும்ப வரும். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால் காரைக்குடி "கரரைக்குடி" ஆகும். புள்ளி விழுந்துபோகும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: கௌரி என்ற பெயரில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பும் ளகரமும் சேர்த்து "கெளரி" என்று போட்டுவிடும். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு வார்த்தை. மொழிபெயர்க்கும்போது பெயர்ப்பட்டியல் வைத்துத் தேடினால் பாதி கௌரி சிக்கும், பாதி சிக்காது, கடைசியில் ஒரே அம்மாள் இரண்டு ஸ்பெல்லிங்கில் இரண்டு பேராகிவிடுவார். இவற்றைத் தேட:

```
grep -n "ரர" page-1.txt
grep -n "ெள" page-1.txt
```

இரண்டாவதில் வெள்ளி, தெளிவு என்று சரியான வார்த்தைகளும் வரும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

## 6. கையெழுத்தை நீங்களே படியுங்கள்

1934ஆம் வருஷத்துப் பத்திர எழுத்தரின் கையை Tesseract படிக்காது. முயற்சி செய்தால் ஏதோ ஒரு தமிழ் வரும், அர்த்தம் இருப்பதுபோலக்கூடத் தோன்றும், அதுதான் ஆபத்து. உட்கார்ந்து தட்டச்சு செய்யுங்கள். எனக்கு முதல் பக்கம் மூன்று மணி நேரம் ஆனது, கை பழகியதும் நாலாவது பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சிரமம் எங்கே என்றால் எண்களில். பழைய கணக்கில் தமிழ் எண்கள். ௧ என்பது க போலவே இருக்கும், ௨ உ போல, ௪ ச போல, ௭ எ போல, ௮ அ போல, பத்தைக் குறிக்கும் ௰ ய போல. எழுத்தா எண்ணா என்பது இடத்தை வைத்துத்தான் தெரியும். மூலப் பத்திரத்தில் கிரயத் தொகை ௲௩௱௫௰ என்று இருந்தது: ஆயிரம், மூன்று நூறு, ஐந்து பத்து. 1,350. நகலில் முத்திரைக்கு அடியில் நான் தேடிக்கொண்டிருந்த எண் மூலத்தில் பளிச்சென்று இருந்திருக்கிறது, நான்தான் படிக்கத் தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

வருஷம், மாதம், தேதி, மேற்படி, ரூபாய் இவற்றுக்கும் சுழித்து எழுதும் குறிகள் உண்டு: ௵, ௴, ௳, ௸, ௹. தட்டச்சு செய்யும்போது குறியையே போட்டுவிட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் விரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் விலாசம். நம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் விலாசம் என்றால் கதவு எண்ணும் தெருவும் இல்லை, பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் தலைப்பெழுத்துகள் என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. மு.ராம.சித. என்று இருந்தால் புள்ளியைத் தின்றுவிட்டு "முராம சித்" என்று ஒரு ஆளை உருவாக்கும். அச்சிட்ட பகுதியில் வந்தாலும் விலாசத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். ராம என்பதை RM என்றும், சித என்பதை CT என்றும், பழ என்பதை PL என்றும் எழுதுவது வழக்கம், ஆனால் அந்தக் குடும்பம் பாஸ்போர்ட்டிலும் பேங்கிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டு, அதையே போடுங்கள்.

படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். [ஒரு சொல் தெளிவில்லை] என்று எழுதுங்கள். பாதி நிச்சயம் என்றால் சொல்லை எழுதிப் பின்னால் [?] போடுங்கள். முத்திரைக்கு [வட்ட முத்திரை, ஊதா மை: அதில் உள்ள வாசகம்], ரேகைக்கு [இடது பெருவிரல் ரேகை], கையொப்பத்துக்கு [கையொப்பம்]. இந்த அடைப்புக்குறிகள் அப்படியே மொழிபெயர்ப்புக்குள் போக வேண்டும்.

## 7. பத்திரத்தை வைத்தே பத்திரத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தேவகோட்டையில் பல வருஷம் பத்திரம் எழுதி ஓய்ந்த ஒரு பெரியவர். நான் லேப்டாப்பைத் திறந்து மென்பொருள் கொடுக்கும் நம்பிக்கை மதிப்பெண்ணை எல்லாம் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணை அப்புறம் பாருங்க, எழுத்தால்னு போட்டிருக்கும் பாருங்க, அதை முதல்ல படிங்க" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பழைய பத்திரத்தில் முக்கியமான எல்லாமே இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கும், திருத்திவிடக் கூடாதே என்பதற்காக. தொகை எண்ணிலும் எழுத்திலும். என் நகலில் அடுத்த வரியிலேயே "ஆயிரத்து முன்னூற்று ஐம்பது" என்று இருந்தது. ஒரு கோடு விழுந்தால் 3 எட்டாகும், முன்னூறு எண்ணூறு ஆகாது.

மென்பொருளின் மதிப்பெண் இங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டளையின் கடைசியில் `tsv` என்று சேர்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு பட்டியல் தரும். குறைந்த மதிப்பெண் வாங்கிய சொற்களைத் தேடிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் மூடிய 3ஐ 8 என்று படிக்கும்போது அதற்குத் துளிகூடச் சந்தேகம் வராது, உயர்ந்த மதிப்பெண்ணே போடும். எண்கள் அத்தனையையும், மதிப்பெண் எதுவானாலும், கண்ணால் பாருங்கள்.

வருஷத்துக்கு ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருஷப் பெயரும் இருக்கும். என்னுடையதில் "பவ ௵ ஆவணி ௴". பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது, அதிலிருந்து எண்ணினால் எட்டாவதாக வரும் பவ, 1934 ஏப்ரல் முதல் 1935 ஏப்ரல் வரை. 1984 என்றால் ரக்தாட்சி இருந்திருக்க வேண்டும். அறுபது வருஷச் சுற்று என்பதால் பவ மறுபடி வருவது 1994ல்தான். ஆக, 1984க்கும் பவ வருஷத்துக்கும் ஒட்டே இல்லை. மாதமும் சோதனைக்கு உதவும், ஆவணி என்றால் ஆங்கிலத் தேதி ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விழ வேண்டும். ஒரு நிமிஷம் இதைப் பார்த்திருந்தால் ஐயா இறந்து முப்பத்துமூன்று வருஷம் கழித்து மனை வாங்கியிருக்க மாட்டார்.

ரூபாய், அணா, பை கணக்குக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஒரு அணா. எனவே நடு எண் 15ஐத் தாண்டக் கூடாது, கடைசி எண் 11ஐத் தாண்டக் கூடாது. என் பத்திரத்தில் தீர்வை 2-18-0 என்று வந்திருந்தது. பதினெட்டு அணா என்று யாரும் எழுத மாட்டார்கள். போய்ப் பார்த்தால் 2-13-0, மறுபடியும் அதே மூன்றும் எட்டும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபிறகு எழுதிய தாள் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு, பத்திரத்தில் ஒருவர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறதோ அத்தனையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். உடல் பகுதி, சொத்து விவரம், நான்கெல்லை, சாட்சி, பின்பக்க மேற்குறிப்பு. ஒன்று மட்டும் மாறியிருந்தால் மூலத்தைப் பாருங்கள். மூலத்திலேயே மாறியிருந்தால், அதாவது பத்திர எழுத்தரே ஓரிடத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால், திருத்தாதீர்கள். இருப்பதை அப்படியே வைத்துவிட்டு [மூலத்தில் இவ்வாறே] என்று குறியுங்கள். ராமநாதபுரம் ஜில்லா என்று இருப்பதை இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம் என்று மாற்றுவதும் இதே வகைத் தப்பு.

## 8. எழுத்தைப் பூட்டிவிட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள்

எல்லாக் கட்டமும் தட்டச்சு ஆனதும் ஒரே கோப்பாகச் சேர்த்து, கட்ட எண்ணோடு, அச்செடுங்கள். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு ஆச்சி படித்தார், என்னைவிட அந்தக் காலத்துக் கையெழுத்து அவருக்குச் சரளம். நாலு திருத்தம் அவர் சொன்னதில் வந்தது. அப்புறம் அந்தக் கோப்பைப் பூட்டிவிடுங்கள். மொழிபெயர்க்கும்போது புதிதாக ஒரு தப்பு கண்ணில் பட்டால், முதலில் பூட்டிய கோப்பில் திருத்தி, பிறகு மொழிபெயர்ப்பில் திருத்துங்கள். மொழிபெயர்ப்பில் மட்டும் திருத்தினால் நோட்டரி முன்னால் இரண்டையும் ஒப்பிடும்போது ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பன்னிரண்டு பக்கத்துக்கு மொத்தம் எனக்கு ஆன நேரம்: ஸ்கேன் அரை நாள், கட்டம் போடுவதும் முத்திரை விலக்குவதும் ஒரு நாள், கையெழுத்தைத் தட்டச்சு செய்வது இரண்டரை நாள், சரிபார்ப்பு ஒரு நாள். மொழிபெயர்ப்பு இரண்டே நாளில் முடிந்துவிட்டது. யாருக்காவது கூலிக்குச் செய்கிறீர்கள் என்றால் இந்த ஐந்து நாளைத் தனியாகச் சொல்லித் தனியாக வாங்குங்கள், மொழிபெயர்ப்புக் கூலிக்குள் அடக்கினால் கட்டாது.

அனுப்பும்போது மூன்று கோப்பு போக வேண்டும்: தொடாத கலர் ஸ்கேன், பூட்டிய தமிழ் எழுத்து, மொழிபெயர்ப்பு. முத்திரை விலக்கிய படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது நமக்குப் படிக்க மட்டும். முத்திரை இல்லாத பத்திரப் படம் வெளியே போனால் யார் என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. அண்ணனுக்கு நான் தெரியாமல் அதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன், வக்கீல் "முத்திரை எங்கே போச்சு" என்று கேட்க, மறுபடி ஒரு போன்.